பைனரி சர்ச்சை வெல்லும் அரே அடுக்கு: யாராவது நிஜமாகப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

வரிசைப்பிரியன், 4 மார்ச் 2024, இரவு 10.40

எங்கள் வேலையில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஐபி முகவரி கொடுத்தால் அது எந்த நாட்டுத் தொகுதி என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு தொடக்க முகவரி, 32 பிட் எண், ஏறத்தாழ 40 லட்சம் எண்கள். இரவில் ஒருமுறை புதிதாக ஏற்றுவோம். அதன் பிறகு மறுநாள் இரவுவரை யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள், தேடுவது மட்டும்தான். இப்போது `std::upper_bound` ஓடுகிறது. `perf` போட்டுப் பார்த்தால் நேரத்தில் பெரும்பங்கை அதுவே சாப்பிடுகிறது.

அதே எண்களை ஏறுவரிசையில் வைக்காமல், தேடல் மரத்தை மேலிருந்து கீழே மட்டம் மட்டமாக வாசித்த வரிசையில் அரேயில் அடுக்கினால் வேகம் கூடும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். என் மண்டைக்கு ஏறவில்லை. 40 லட்சம் என்றால் 22 ஒப்பீடு. எப்படி அடுக்கினாலும் அதே 22தானே? மிச்சம் எங்கிருந்து வரும்?

(ஹாஷ் டேபிள் போடுங்கள் என்று வராதீர்கள். கொடுத்த முகவரி பட்டியலில் அப்படியே இருக்காது. அதற்குச் சமமான அல்லது அதைவிடச் சிறிய எண்களில் பெரியது எது என்பதுதான் கேள்வி.)

அரைத்தூக்கம், 4 மார்ச், இரவு 11.15

அடுக்கை மாற்ற வேண்டாம் தலைவா. சிக்கல் `if`தான். இடதா வலதா என்பது நாணயம் சுண்டுவது மாதிரி, ப்ராசசர் பாதித் தடவை தப்பாக யூகிக்கும். ஒவ்வொரு தப்புக்கும் அதுவரை செய்த வேலை குப்பை. `if` இல்லாமல் எழுதுங்கள், முடிந்தது கதை. சின்ன அரேயில் நானே அளந்திருக்கிறேன், பறக்கிறது.

நிழல்மரம், 5 மார்ச், காலை 7.20

மட்டம் மட்டமாக அரேயில் வைத்தால் அது ஹீப்தானே? கல்லூரியில் படித்ததுதான். ஹீப்பில் தேடினால் எல்லா எண்ணையும் பார்க்க வேண்டிவருமே, இன்னும் மெதுவாகும்!

வரிசைப்பிரியன், 5 மார்ச், காலை 9.05

@நிழல்மரம், நானும் முதலில் அப்படித்தான் குழம்பினேன். இன்டெக்ஸ் கணக்கு மட்டும் ஹீப்போடது: `k`-வின் பிள்ளைகள் `2k`, `2k+1`. உள்ளே இருக்கும் ஒழுங்கு வேறு. இடப்பக்கம் எல்லாம் சிறியது, வலப்பக்கம் எல்லாம் பெரியது.

பத்து எண்ணை வைத்துத் தாளில் போட்டேன். 3, 7, 12, 18, 25, 31, 40, 52, 60, 75. இதை அடுக்கினால் 1-ஆம் இடத்திலிருந்து இப்படி வருகிறது:

```
k:  1  2  3  4  5  6  7  8  9 10
b: 40 18 60  7 31 52 75  3 12 25
```

20-ஐத் தேடுவோம். 40 பெரியது, இடது, `k`=2. 18 சிறியது, வலது, `k`=5. 31 பெரியது, `k`=10. 25 பெரியது, `k`=20. அரே 10-இல் முடிந்துவிட்டது, நிறுத்து. நான்கு ஒப்பீடு. சாதா பைனரி சர்ச்சிலும் மூன்றோ நான்கோதான். அதனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது.

பழைய_சி_ஆள், 5 மார்ச், பகல் 1.30

தம்பி, ஒப்பீட்டை எண்ணுவதை விடுங்கள். மெமரியிலிருந்து வருவது எண் அல்ல, 64 பைட் கேஷ் லைன். உங்கள் எண் 4 பைட். ஓர் எண்ணைக் கேட்டால் அக்கம்பக்கத்து 15 எண்களும் கூடவே வரும். அந்த 15 பேர் யார் என்பதுதான் விஷயம்.

ஏறுவரிசை அரேயில் நடு எண்ணைத் தொடுகிறீர்கள். கூட வருபவர்கள் அதை ஒட்டிய எண்கள். தேடல் அடுத்துப் போகப்போவது பத்து லட்சம் இடம் தள்ளி, ஆகவே அந்த 15 பேரால் பயனில்லை. கடைசி நான்கு மட்டத்தில்தான் எல்லாம் ஒரே லைனுக்குள் அடங்கும். மட்ட அடுக்கில் இது தலைகீழ். முதல் நான்கு மட்டம் ஒரே லைனில் இருக்கும், பிறகு மட்டத்துக்கு ஒரு லைன்.

எண்ணிப் பார்த்தால் ஒரு தேடலுக்கு இரண்டிலும் ஏறத்தாழ 19 புது லைன்கள். ஆனால் நீங்கள் ஒரு தடவையா தேடுகிறீர்கள்? மேல் மட்டங்களை ஒவ்வொரு தேடலும் மிதித்துக்கொண்டே போகும். முதல் 13 மட்டத்தில் 8,191 எண்கள். மட்ட அடுக்கில் அவை 32 கிலோபைட்டுக்குள் அடங்கும். ஏறுவரிசையில் அதே 8,191 எண்கள் ஆளுக்கொரு லைனில் தனியாக உட்கார்ந்திருக்கும்: 512 கிலோபைட். அதில் பதினாறில் பதினைந்து பங்கு யாரும் கேட்காத எண்கள். உங்கள் கேஷில் இடம் பிடித்திருப்பது அதுதான்.

@அரைத்தூக்கம் சொன்னது பாதி சரி. கேஷுக்குள் அடங்கும் அரேக்கு `if` இல்லாத சாதா பைனரி சர்ச்தான் ராஜா, இந்த வித்தை எதுவும் வேண்டாம். பெரிய அரேயில் அது காலை வாரும். ஏன் என்று இரவு எழுதுகிறேன், மீட்டிங்.

அரைத்தூக்கம், 5 மார்ச், பகல் 1.42

காலை வாருமா! 40 லட்சத்தில் நான் அளக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம்ப முடியவில்லை. யூகம் தப்புவதே இல்லை என்றால் எப்படி மெதுவாகும்?

பழைய_சி_ஆள், 5 மார்ச், இரவு 9.50

`if` இருந்தால் ப்ராசசர் விடைக்காகக் காத்திருக்காது. இடது என்று யூகித்து, இடப்பக்க எண்ணை இப்போதே மெமரியிலிருந்து வரவழைக்க ஆரம்பித்துவிடும். பாதித் தடவை தப்பு, சரி. மீதிப் பாதித் தடவை அடுத்த லைன் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும். `if`-ஐ எடுத்துவிட்டால் அடுத்த முகவரி என்ன என்பதே முந்தைய ஒப்பீட்டின் விடை வந்த பிறகுதான் தெரியும். ஒன்று முடிந்தால்தான் இன்னொன்று. கேஷிலிருந்து வந்தால் பரவாயில்லை. ரேமிலிருந்து என்றால் ஒவ்வொன்றுக்கும் 100 நானோநொடி அளவுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

மட்ட அடுக்கு இங்கேதான் ஜெயிக்கிறது. `k`-வில் நிற்கிறீர்கள். நான்கு மட்டம் கீழே நீங்கள் போகக்கூடிய இடங்கள் 16. அவை `16k` முதல் `16k+15` வரை, ஒட்டி ஒட்டி. 16 எண், 64 பைட், ஒரே லைன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த லைனுக்குள்தான் போய் விழுவீர்கள். ஆக யூகமே தேவையில்லை, அந்த ஒரு லைனை முன்கூட்டியே கேட்டுவைத்தால் போதும். ஏறுவரிசை அரேயிலும் கேட்கலாம், ஆனால் அங்கே அந்த 16 எண்ணும் 16 ஊரில் இருக்கும்.

பால்-விராக் குவாங், பாட் மோரின் இருவரும் 2015-இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் பல அடுக்குகளை வைத்து அளந்து பார்க்கிறது. தங்களுக்கே எதிர்பாராத முடிவு என்ற தொனியில் எழுதியிருப்பார்கள். அடுக்கின் பெயர் எய்ட்சிங்கர். 1590-இல் வம்சாவளிப் பட்டியலுக்கு இப்படி எண் போட்ட ஆள்: நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3, எவருடைய அப்பாவும் அவர் எண்ணைப் போல் இரு மடங்கு.

அரைத்தூக்கம், 5 மார்ச், இரவு 10.02

ஆக 16-ஆம் நூற்றாண்டு மாப்பிள்ளை வீட்டார் குலம் கோத்திரம் விசாரித்த முறையில் நாம் ஐபி தேடப்போகிறோம். வாபஸ் வாங்குகிறேன்.

வரிசைப்பிரியன், 7 மார்ச், இரவு 11.30

எழுதிவிட்டேன். அடுக்குவது நான் பயந்த அளவுக்கு இல்லை. மரத்தை இடம், நடு, வலம் என்று நடந்தால் ஏறுவரிசை கிடைக்குமே, அதே நடையில் ஏறுவரிசை எண்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துக்கொண்டே போக வேண்டியதுதான்:

```c
size_t build(const uint32_t *a, uint32_t *b,
             size_t i, size_t k, size_t n) {
    if (k <= n) {
        i = build(a, b, i, 2 * k, n);
        b[k] = a[i++];
        i = build(a, b, i, 2 * k + 1, n);
    }
    return i;
}
```

`build(a, b, 0, 1, n)` என்று கூப்பிட வேண்டும், `b`-க்கு `n+1` இடம். தேடல்:

```c
size_t k = 1;
while (k <= n) {
    __builtin_prefetch(b + 16 * k);
    k = 2 * k + (b[k] < x);
}
k >>= __builtin_ffsll(~k);
```

கடைசி வரி ஒரு கட்டுரையிலிருந்து எடுத்தது, புரியாமலே போட்டேன். விடை சரியாக வருகிறது.

வேகம்? ஏமாற்றம். கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். இவ்வளவு கதைக்கு இதுவா?

பழைய_சி_ஆள், 8 மார்ச், காலை 6.45

`b`-யை எங்கே வாங்கினீர்கள்? `malloc`? அதன் முகவரியை `%p` போட்டு அச்சடித்துப் பாருங்கள்.

வரிசைப்பிரியன், 8 மார்ச், காலை 8.10

`...010` என்று முடிகிறது.

பழைய_சி_ஆள், 8 மார்ச், காலை 8.20

அதுதான். லைனின் தொடக்கத்திலிருந்து 16 பைட் தள்ளி ஆரம்பிக்கிறது. உங்கள் 16 பேரில் 12 பேர் ஒரு லைனில், 4 பேர் அடுத்த லைனில். நீங்கள் கேட்டு வாங்குவது முதல் லைனை மட்டும். நான்கில் ஒரு தடவை வந்திறங்கும் இடத்துக்கு யாரும் முன்பதிவு செய்யவில்லை. `aligned_alloc(64, ...)` போடுங்கள், அளவை 64-இன் மடங்காக உயர்த்திக்கொள்ளுங்கள். 0-ஆம் இடம் காலியாகப் போவது வீண் இல்லை. அது இருப்பதால்தான் `16k` எப்போதும் லைனின் முதல் பைட்டில் விழுகிறது.

வரிசைப்பிரியன், 8 மார்ச், இரவு 10.15

மாற்றினேன். இப்போது தெரிகிறது வித்தியாசம்: பழைய நேரத்தில் பாதிக்கும் கீழே.

வரிசைப்பிரியன், 8 மார்ச், இரவு 11.50

மேலே சொன்னதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு 40 லட்சம் எடுக்காமல் வசதிக்காக 41,94,304 எடுத்திருந்தேன். 2-இன் 22-ஆம் அடுக்கு. சாதா பைனரி சர்ச்சுக்கு இது மோசமான எண். நடு, கால், அரைக்கால் என்று முதல் 12 மட்டத்தில் அது தொடும் இடங்கள் எல்லாம் 4,096 பைட்டின் மடங்குகள். என் எல்1 கேஷில் அப்படிப்பட்ட முகவரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி, அதில் 8 லைனுக்குத்தான் இடம். மற்ற 63 பெட்டிகள் சும்மா கிடக்க, இதில் மட்டும் தள்ளுமுள்ளு. எதிராளியின் காலைக் கட்டிவிட்டு ஓடியிருக்கிறேன்.

சரியான 40 லட்சத்தில் அளந்தால் இடைவெளி குறைகிறது. ஆனாலும் நல்ல வித்தியாசம்தான். `n`-ஐ மாற்றி மாற்றி அளந்து வரைந்தால், 2-இன் அடுக்குகளில் மட்டும் பைனரி சர்ச்சின் கோடு முள் முள்ளாக மேலே குத்துகிறது. வரைபடத்தில் அந்த முட்களைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

சொல்லடுக்கு, 9 மார்ச், காலை 10.00

என் விஷயம் வேறு, ஆனால் பொருந்துமா என்று பாருங்கள். தமிழ்ச் சொற்பட்டியல், சில லட்சம் சொற்கள், பிழைதிருத்திக்கு. சுட்டிகளின் அரே, ஒவ்வொரு சுட்டியும் ஒரு சொல்லைக் காட்டும். இதையும் மட்ட அடுக்கில் போட்டால் வேகம் வருமா?

பழைய_சி_ஆள், 9 மார்ச், காலை 11.25

சுட்டியை முன்கூட்டி வரவழைக்கலாம். அது காட்டும் சொல் வேறெங்கோ கிடக்குமே, ஒப்பிட அதுவும் வேண்டும். ஒப்பீட்டுக்கு ஒரு மெமரி பயணம் கூடுதல், அதை இந்த அடுக்கு தொடவே இல்லை. வழக்கமாகச் செய்வது, சொல்லின் முதல் 8 பைட்டை எண்ணாக்கி அரேக்குள்ளேயே வைப்பது. எண் 8 பைட் என்றால் லைனுக்கு 8 பேர்தான், `16 * k` அல்ல `8 * k`, மூன்று மட்டம் முன்னே.

வரிசைப்பிரியன், 9 மார்ச், பகல் 12.10

தமிழுக்கு அந்த 8 பைட் போதாது சார். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் `E0`, இரண்டாவது `AE` அல்லது `AF`. எட்டு பைட்டில் மூன்று குறிகூட முழுதாக வராது. "படி", "படிப்பு", "படிக்கட்டு" எல்லாம் ஒரே எண்ணாகிவிடும்.

தமிழ்க் குறிகள் 128 இடத்துக்குள் அடங்குகின்றன, `U+0B80` முதல். அதைக் கழித்துவிட்டால் குறிக்கு ஒரு பைட். எட்டு பைட்டில் எட்டு குறி. முதல் குறி உயர்ந்த பைட்டில் வருமாறு அடுக்கினால் எண் ஒப்பீடும் குறிவரிசை ஒப்பீடும் ஒன்றாகவே இருக்கும். சமம் என்று வந்தால் மட்டும் முழுச் சொல்லைப் பார்க்கலாம்.

சொல்லடுக்கு, 9 மார்ச், பகல் 12.30

ஆனால் எனக்கு "படி" என்று தொடங்கும் சொற்களை வரிசையாக எடுக்கவும் வேண்டும்.

பழைய_சி_ஆள், 9 மார்ச், பகல் 12.41

அப்படியானால் வேண்டாம். இந்த அடுக்கில் அடுத்த சொல் பக்கத்து இடத்தில் இருக்காது. மரத்தில் ஏறி இறங்கித்தான் பிடிக்க வேண்டும், பெரும்பாலும் வேறு லைனில். ஏறுவரிசையையும் தனியாக வைத்து, `k`-விலிருந்து அதன் இடத்துக்கு இன்னோர் அரே வைக்கலாம். சில லட்சத்துக்கு இவ்வளவு தேவையா என்று முதலில் அளந்து பாருங்கள்.

வரிசைப்பிரியன், 13 மார்ச், இரவு 9.20

மானம் போனது. நேரடிச் சூழலில் ஏற்றினோம். அரை மணி நேரத்தில் புகார்: ஒரு நாட்டு முகவரிக்குப் பக்கத்துத் தொகுதியின் நாடு வருகிறது. எல்லாவற்றுக்கும் அல்ல, ஆனால் ஏகப்பட்டவற்றுக்கு. பழையதைத் திருப்பிப் போட்டோம்.

காரணம் நான் புரியாமல் போட்ட அந்தக் கடைசி வரி. அது `x`-க்குச் சமமான அல்லது அதைவிடப் பெரிய எண்களில் முதலாவதைத் தருவது. எனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்ப்பக்கம். என் சோதனையில் ஏன் தப்பவில்லை? சோதனைக்குப் பட்டியலில் உள்ள தொடக்க முகவரிகளையே எடுத்து ஓட்டியிருந்தேன். அவை சமம், ஆகவே இரண்டு விதமும் ஒரே விடை. தொகுதியின் நடுவில் இருக்கும் முகவரி ஒன்றைக்கூடக் கேட்டுப் பார்க்கவில்லை.

இப்போது தாளில் போட்டுப் புரிந்துகொண்டேன். `k`-வை இருமத்தில் எழுதினால் அது நடந்த பாதை: இடதுக்கு 0, வலதுக்கு 1. மேலே 20-ஐத் தேடி `k`=20-இல் வந்து நின்றோம், `10100`. தலைப்பு 1 வேர். அதன் பின் இடது, வலது, இடது, இடது. 20-ஐவிடச் சிறிய கடைசி எண் எது? கடைசியாக வலதுபக்கம் திரும்பிய இடத்தில் பார்த்த எண். அந்தத் திருப்பம் கடைசி 1. பின்னால் உள்ள 0-களையும் அந்த 1-ஐயும் வெட்டினால் `10`, அதாவது 2. `b[2]` = 18. சரி. பெரிய எண் வேண்டுமானால் கடைசி இடத் திருப்பம், அதாவது வாலில் உள்ள 1-களையும் ஒரு 0-ஐயும் வெட்ட வேண்டும். `10100`-இல் வாலில் 1 இல்லை, ஒரு 0-ஐ வெட்டினால் `1010`, 10, `b[10]` = 25. அந்த `~` செய்தது இதைத்தான்.

எனக்கு வேண்டிய வடிவம்:

```c
    k = 2 * k + (b[k] <= x);
/* சுற்று முடிந்த பின் */
k >>= __builtin_ffsll(k);
```

வலதுபக்கமே திரும்பாமல் வந்தால் `k` 0 ஆகிவிடும், அதாவது எல்லாத் தொகுதிக்கும் கீழே. நாட்டுக் குறியீடுகளையும் இதே `k` வரிசையில் தனி அரேயில் வைத்துவிட்டதால் ஏறுவரிசை இடம் எது என்ற கேள்வியே எழவில்லை.

நிழல்மரம், 13 மார்ச், இரவு 10.05

அரேயைத் தாண்டியும் `b + 16 * k` கேட்கிறீர்களே, புரோகிராம் விழாதா?

பழைய_சி_ஆள், 13 மார்ச், இரவு 10.30

ப்ரீஃபெட்ச் வெறும் வேண்டுகோள், இல்லாத இடத்தைக் கேட்டாலும் விழாது. ஆனால் கடைசி நான்கு மட்டத்தில் கேட்பதெல்லாம் வீண்தான். சுட்டியை அப்படி அரேக்கு வெளியே தள்ளுவது சி மொழி விதிப்படி தப்பு என்று வாதாடுபவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதும் சரிதான். நான் முகவரியை `uintptr_t`-ஆக மாற்றிக் கூட்டுவேன்.

வரிசைப்பிரியன், 20 மார்ச், இரவு 11.10

ஒரு வாரமாக நேரடியில் ஓடுகிறது. நடுமுகவரிகள், முதல் தொகுதிக்குக் கீழே, கடைசித் தொகுதிக்கு மேலே எல்லாம் சோதனையில் சேர்த்தாயிற்று.

வேகம் கூடியிருக்கிறது, ஆனால் சோதனையில் கண்ட அளவுக்கு இல்லை. சோதனையில் எந்த முகவரியும் சம வாய்ப்போடு வந்தது. நிஜத்தில் ஒரே சில வலைகளிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறார்கள். அவர்கள் பாதை முழுக்கக் கேஷில் சூடாகவே இருக்கிறது, பழைய பைனரி சர்ச்சுக்கும் அப்படியே. மெமரிக்காகக் காத்திருந்த நேரம் நான் நினைத்ததைவிடக் குறைவாகவே இருந்திருக்கிறது. நிஜப் போக்குவரத்தின் ஒரு மணி நேரத்தைப் பதிந்து வைத்து முதலிலேயே அதை ஓட்டி அளந்திருக்க வேண்டும்.

அரைத்தூக்கம், 20 மார்ச், இரவு 11.25

அப்போ என் `if` இல்லாத சர்ச்சை அந்தப் பதிவில் ஓட்டிப் பார்த்தீர்களா?

வரிசைப்பிரியன், 20 மார்ச், இரவு 11.40

ஓட்டினேன். உங்களுக்கு வாபஸ் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியிருக்கும் போல. சாதா நேரத்தில் அதுவும் இதுவும் கிட்டத்தட்டச் சமம். இரவு அட்டவணை மாறிய உடனே, கேஷ் குளிர்ந்து கிடக்கும்போது மட்டும் மட்ட அடுக்கு தெளிவாக முந்துகிறது.

பழைய_சி_ஆள், 21 மார்ச், காலை 6.30

லைனுக்கு 16 எண்ணாகக் கட்டி, கிளைக்கு 17 பிள்ளையாக அடுக்கி, ஒரு லைனை ஒரே மூச்சில் ஒப்பிடும் வடிவம் ஒன்று இருக்கிறது. 22 மட்டம் ஆறாகும். உங்கள் பதிவில் அது எப்படி ஓடும் என்று எனக்கும் பார்க்க ஆசை. பதிவை ஓட்டும் நிரலை எங்கேயாவது போடுங்கள், முகவரிகளை நீக்கிவிட்டு.

வரிசைப்பிரியன், 21 மார்ச், காலை 8.50

முகவரியை நீக்கினால் என்ன மிஞ்சும் சார், தேட வேண்டியதே அதுதானே! தொடக்க எண்ணுக்குப் பதில் அதன் `k`-வை மட்டும் எழுதித் தருகிறேன், நாடு தெரியாது, பாதை அப்படியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஏற்றுகிறேன்.